சைட் நோட்டீஸை எங்கிருந்து படிப்பது?

கேள்வி - பதில்

இந்த முறை சேவூர், அவிநாசிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சைட் விற்பனை நோட்டீஸைப் பற்றியவை. ஒரு வாசகி நோட்டீஸையே உறையில் போட்டு அனுப்பிவிட்டார். வழவழப்பான ஏ4 தாள், மூன்று மடிப்பு. நடுவில் மனை வரைபடம், அதன் கீழே வரிசையாக 12 வசதிச் சின்னங்கள், கடைசி மடிப்பின் அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டம். அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எல்லாருக்கும் பதில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

அண்ணா, நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறோம். போனஸும் சீட்டுப் பணமும் சேர்த்து ஒரு சைட் வாங்கலாம் என்று இருக்கிறோம். இந்த நோட்டீஸில் முதலில் எதைப் பார்க்கணும்ங்க?
- ஓவர்லாக் டெய்லர், சேவூர்

அந்தச் சாம்பல் கட்டத்தை, அம்மணி. நோட்டீஸைப் பின்னாலிருந்து படியுங்கள். முகப்பில் இருக்கும் சிரிக்கிற குடும்பம் உங்களுக்கு நிலம் தரப்போவதில்லை. கட்டத்துக்குள் இருக்க வேண்டிய ஒரு எண்தான் தரும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்பவர், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெராவில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்யலாம். 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 12.36 சென்ட். ஒரு தடம் விட்டு நாலைந்து சைட் போட்டாலே அதைத் தாண்டிவிடும். பதிவு எண்ணும், ரெரா இணையதள முகவரியும் விளம்பரத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கான எண் TN என்று தொடங்கும். கடைசியில் ஆண்டு இருக்கும். rera.tn.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தேடி, மூன்றை ஒத்துப் பாருங்கள்: விற்பவர் பெயர், கிராமத்தின் பெயர், சர்வே எண். மூன்றும் நோட்டீஸில் உள்ளபடியே இருக்க வேண்டும். கியூ.ஆர். கட்டம் இருந்தால் அது எந்தத் தளத்தைத் திறக்கிறது என்று பாருங்கள். கம்பெனியின் சொந்தப் பக்கத்துக்குக் கூட்டிப்போனால் அது இன்னொரு விளம்பரம்தான்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் ‘ரெரா விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று போட்டிருக்கிறது. விண்ணப்பம் பதிவாகாது. எண் வரும்வரை ஆயிரம் ரூபாய் டோக்கன்கூடக் கொடுக்காதீர்கள்.

டி.டி.சி.பி. அப்ரூவ்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அது போதாதா?
- லேத் பட்டறை, கருவலூர்

போதாது. டி.டி.சி.பி. அனுமதி நிலத்தை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு. ரெரா பதிவு அதை விற்பவர் என்ன வாக்குக் கொடுக்கிறார் என்பதற்கு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. அனுமதி எண்ணும் தேதியும் இல்லாமல் ‘அப்ரூவ்டு’ என்ற சொல் மட்டும் இருந்தால் அது வெறும் அலங்காரம்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்ற 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் போட்ட பழைய மனைகளுக்காகத்தான் 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. பழைய சைட் என்றால் வரன்முறை ஆணையின் நகலைக் கேளுங்கள். புது சைட்டுக்கு ஊராட்சியின் கையெழுத்து மட்டும் போதாது.

வரைபடத்தில் என் சைட் 30-க்கு 40. பக்கத்தில் ‘3 சென்ட்’ என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?
- அதே ஓவர்லாக் டெய்லரின் வீட்டுக்காரர்

இல்லை, தம்பி. இதைப் பெருக்கிப் பார்க்காமல் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் 1,306.8 சதுர அடி. உங்கள் சைட் 30 பெருக்கல் 40, அதாவது 1,200 சதுர அடி. அது 2.75 சென்ட்தான். சென்ட் ஐந்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், மூன்று சென்டுக்கு 15 லட்சம் கேட்பார்கள். இருக்கிற நிலத்துக்கு 13 லட்சத்து 77 ஆயிரம்தான் ஆகிறது. மேலே போகிற ஒரு லட்சத்து 23 ஆயிரம் உங்கள் இரண்டு பேரின் எத்தனை மாத ராத்திரி ஷிப்ட் என்று உங்களுக்குத்தான் தெரியும். ‘மூன்று சென்ட் மாதிரி’ என்பது பேச்சுக்குச் சரி, பத்திரத்துக்கு ஆகாது.

இன்னொன்று. நீங்கள் குறித்து அனுப்பிய 27-ஆம் எண் மூலை சைட். இரண்டு ரோடு கூடும் மூலையில் வண்டி திரும்ப வசதியாக ஒரு முக்கோணத்தை வெட்டி ரோட்டோடு சேர்ப்பார்கள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று மீட்டர் வெட்டினால் போவது 4.5 சதுர மீட்டர், ஏறக்குறைய 48 சதுர அடி. நோட்டீஸில் உங்கள் சைட் நான்கு மூலையும் சதுரமாக இருக்கிறது. அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த மூலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் எழுதியிருக்கும் நிகரப் பரப்பை வைத்து விலை பேசுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தை எங்கே பார்ப்பது என்று கேட்காதீர்கள். புக்கிங் நேரத்தில் அதைப் பார்வைக்கு வைக்க வேண்டியது விற்பவரின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

நான் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். ஏ2 அளவு டிராயிங்கைக் கொடுத்து ‘இதை அழகா வரைஞ்சு நோட்டீஸ் நடுவில் வைங்க’ என்கிறார்கள். எதைக் கவனிப்பது, எதை விடுவது?
- வடிவமைப்பாளர், அவிநாசி

நானும் பல வருடம் இந்த வேலை செய்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் தவறு அளவுகோலில் வரும். டிராயிங்கில் 1:500 என்று எழுதியிருக்கும். அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் ஐந்து மீட்டர். ஏ2 தாளை ஏ4-க்குக் குறைத்தால் நீளமும் அகலமும் பாதியாகும். அப்போது உண்மையான அளவு 1:1000. ஆனால் நாம் எழுத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். 30 அடி முகப்பு ஏ2-வில் 18 மில்லிமீட்டர் இருந்தது, ஏ4-இல் 9 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஸ்கேல் வைத்து அளக்கும் வாசகர் 1:500 என்ற எழுத்தை நம்பிக் கணக்குப் போட்டால், 30 அடி சைட் 15 அடி என்று வரும். அதனால் எண்ணை எடுத்துவிட்டு, 0, 10, 20 மீட்டர் என்று குறித்த ஒரு சின்னப் பட்டையைப் படத்துக்குள்ளேயே வரையுங்கள். படம் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும், கணக்கு கெடாது.

இரண்டாவது, திசை. மெயின் ரோடு நோட்டீஸின் அடியில் வந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று படத்தைத் திருப்புகிறோம். திருப்புங்கள், ஆனால் வடக்கு அம்புக்குறியையும் அதோடு சேர்த்துத் திருப்புங்கள். நம் ஊரில் கிழக்குப் பார்த்த சைட்டுக்கும் வடக்குப் பார்த்த சைட்டுக்கும் தனி விலை. ரோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ சைட் அந்தத் திசையைப் பார்க்கிறது. அம்புக்குறி தவறினால் மொத்த லே-அவுட்டும் வேறு திசை பார்க்கும். மேசையில் இருக்கும் நோட்டீஸில் அம்புக்குறியே இல்லை. ஆனால் 14 சைட்டுகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்துக் ‘கிழக்குப் பார்த்தவை’ என்று போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, திரும்ப வரையும்போது உதிர்ந்து போகிறவை. டிராயிங்கில் ஓடையும், பழைய கிணறும், மேலே போகும் உயரழுத்த மின்கம்பியும் மெல்லிய கோடுகளாக இருக்கும். பச்சைப் பசேல் என்று வண்ணம் தீட்டும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கோடுகள்தான். 220 கிலோவோல்ட் கம்பிக்கு 35 மீட்டர் அகலத்துக்கு வழித்தடம் விட வேண்டும். அந்த ஒரு கோட்டை விட்டுவிட்டால் இரண்டு வரிசை சைட்டுகள் யாருடைய தலையிலோ விழும். நான் கண்ட நல்ல வழி இதுதான்: அனுமதி பெற்ற டிராயிங்கை அடியில் பூட்டிய லேயராக வைத்து, மேலே வண்ணம் மட்டும் பூசுங்கள். கோட்டை நீங்களாக வரையாதீர்கள்.

ரோட்டு அகலத்தை மீட்டரிலேயே எழுதி, பக்கத்தில் அடியைப் போடுங்கள். 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம், 7.2 மீட்டர் என்பது 23 அடி 7 அங்குலம். ‘30 அடி ரோடு’ என்று நீங்கள் முழுமைப்படுத்துகிற அரை அடியை நாளைக்கு ஒருவர் டேப் வைத்துத் தேடுவார்.

12 சின்னங்களில் ‘கேட்டட் கம்யூனிட்டி’, ‘தனிப் பூங்கா’ இரண்டும் இருக்கின்றன. காம்பவுண்டுக்குள் குழந்தைகள் பத்திரமாக விளையாடும் இல்லையா?
- செக்கிங் சூப்பர்வைசர், சேவூர்

விளையாடட்டும். ஆனால் அந்தப் பூங்கா உங்களுடையது அல்ல. அந்தக் கேட்டைப் பூட்டும் உரிமையும் யாருக்கும் இருக்காது.

காரணம் இது. ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது உள்ளே போடும் ரோடுகளை விற்பவர் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டரை, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், ரோடு போக மிச்சமுள்ள நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கி அதையும் தானமாக எழுதிவைக்க வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு அது ஊர்ச் சொத்து. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே வந்து விளையாடலாம். நுழைவாயிலில் வளைவு கட்டலாம்; வழி மறிக்க முடியாது.

இதே விதி உங்களுக்கு ஒரு அளவுகோலும் தருகிறது. இந்த நோட்டீஸில் மொத்தம் நான்கு ஏக்கர் என்றிருக்கிறது. ரோட்டுக்கு ஒரு ஏக்கர் போனால் மிச்சம் மூன்று ஏக்கர். பூங்கா 30 சென்ட் இருக்க வேண்டும். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவது இரண்டு சைட் அளவுக்கு, ஒரு மூலையில். ஆறு சென்டைக்கூட எட்டாது. ஒன்று படம் தவறு, இல்லையென்றால் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தில் சைட் எண் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது என்றால், அந்த எண்ணை வாங்குகிறவர் ஊராட்சி நிலத்தில் வீடு கட்டுவார். பூங்காவை ஒட்டிய சைட்டைக் கேட்கிறவர்கள் இதை ஒருதடவை பார்த்துவிட்டே கேளுங்கள்.

குழாய்ச் சின்னத்தின் கீழே ‘அத்திக்கடவு தண்ணீர் வசதி’ என்கிறார்கள். நிஜமா?
- கடலைக்காட்டு விவசாயி, சேவூர்

அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் நிஜம். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைத்தார்கள். பவானியின் உபரி நீரை, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து மேலேற்றி, 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். இதற்காக எத்தனை வருடம் போராடினோம் என்பதை உங்களைவிட யார் அறிவார்?

ஆனால் அது குளத்துக்கு வரும் தண்ணீர். நிலத்தடி நீர் ஏறும், கிணறு ஊறும். வீட்டுக் குழாயில் திறந்துவிடும் தண்ணீர் அல்ல. அதனால் அந்தச் சின்னத்துக்குக் கீழே நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: குடிநீர் ஊராட்சி இணைப்பா, போர் தண்ணீரா? மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர்? மோட்டாருக்கு மின் இணைப்பு யார் பெயரில்? பதில் ‘வந்துரும்ங்க’ என்றால், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர், சாக்கடை, மின்சாரம் எப்போது முடியும் என்ற கால அட்டவணையை வாங்குகிறவருக்குக் கொடுக்கச் சொல்வதும் அதே 11-ஆம் பிரிவுதான்.

‘அவிநாசி 5 நிமிடம், பைபாஸ் 7 நிமிடம்’ - நம்பலாமா?
- ஆட்டோ ஓட்டுநர், சேவூர்

வண்டி ஓட்டுகிற நீங்களே கேட்டால் எப்படி? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 5 நிமிடம் போனால் 3.3 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் அவிநாசி வருகிறதா என்று மீட்டரைப் பாருங்கள். நிமிடத்துக்கு வேகம் வேண்டும், நேரம் வேண்டும். ஷிப்ட் விடும் நேரமா, விடிகாலையா என்று யாரும் எழுதுவதில்லை. கிலோமீட்டர் எழுதாத நோட்டீஸைக் கிலோமீட்டர் எழுதச் சொல்லுங்கள்.

சாம்பல் கட்டத்தில் ‘படங்கள் மாதிரிக்கே, இது சட்டப்பூர்வ ஆவணம் அல்ல, மாற்றத்துக்கு உட்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. இதைப் போட்டுவிட்டால் அவர்கள் தப்பித்தார்களா?
- கல்லூரி மாணவி, அவிநாசி

இல்லை. நல்ல வேளையாக நம் சட்டம் அப்படி விடவில்லை.

ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படியுங்கள். நோட்டீஸில் உள்ள தகவலை நம்பி முன்பணம் கொடுத்து, அந்தத் தகவல் பொய்யென்று ஆகி நஷ்டப்பட்டால், விற்பவர் ஈடு தர வேண்டும். திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். நோட்டீஸ் வெறும் காகிதம் என்று அவர் எழுதிக்கொள்ளலாம். சட்டம் அதை வாக்காகவே எடுத்துக்கொள்கிறது.

பொடி எழுத்துக்கும் விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் முக்கியச் செய்திக்கு முரணாக இருக்கக் கூடாது. விளம்பரம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும். எழுத்துருவும் விளம்பர வாசகத்தின் எழுத்துருவாகவே இருக்க வேண்டும். மேலே தமிழில் ‘தனிப் பூங்கா’ என்று தலைப்புப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் ‘வசதிகள் மாறலாம்’ என்று பொடியாக எழுதுவது இந்த மூன்றுக்குமே பொருந்தாது.

சின்ன அளவில் சைட் போடுகிறவன் நான். மறைக்க எதுவும் இல்லை. என் நோட்டீஸின் சட்டக் கட்டத்தில் என்ன எழுதட்டும்?
- மனை விற்பனையாளர், சேவூர்

இந்தக் கேள்வியை எழுதியதற்காகவே உங்களுக்கு நன்றி. தீப்பெட்டியை விட்டுவிட்டு ஒரு மடிப்பின் மூன்றில் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, எட்டுப் புள்ளிக்குக் குறையாமல். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். நான்கு நிற ஆப்செட்டில் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தமிழின் புள்ளியும் சுழியும் அடைத்துக்கொள்ளும். ‘22’ என்பது ‘27’ போலத் தெரியும். வாசகம் இப்படி இருக்கலாம்:

- ரெரா பதிவு எண், பதிவு செல்லுபடியாகும் தேதி, rera.tn.gov.in
- நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி எண், தேதி. ஊராட்சியின் இறுதி அனுமதி எண், தேதி
- கிராமம், வட்டம், சர்வே எண்கள், மொத்தப் பரப்பு
- நில உரிமையாளர் யார், பவர் பெற்றவர் யார். நிலத்தின் மேல் வங்கிக் கடன் உண்டா, இல்லையா
- ஊராட்சிக்குத் தானமாக எழுதிய ரோடு, பூங்காவின் பரப்பு, தானப் பத்திர எண்
- இந்த வரைபடம் அனுமதி பெற்ற வரைபடத்தின் சுருக்கம். அளவுகளுக்கு அசல் வரைபடமே இறுதியானது. அசல் எங்கள் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளது

சின்னங்களையும் மூன்று வரிசையாகப் பிரித்துவிடுங்கள்: முடிந்தவை, இந்தத் தேதிக்குள் முடிப்பவை, நம் லே-அவுட்டுக்கு வெளியே ஏற்கெனவே இருப்பவை. கோயிலும் ஆரம்பப் பள்ளியும் நீங்கள் கட்டித் தருபவை அல்ல. அவற்றைத் தெருவிளக்கோடு ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். 12 சின்னங்கள் ஐந்தாகக் குறையலாம். அந்த ஐந்தையும் வாங்குகிறவர் நேரில் வந்து தொட்டுப் பார்க்க முடியும்.

கடைசியாக ஒன்று அண்ணா. கல் நட்டுவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. ‘நாளைக்கே பாதிப் பணம் கட்டுங்க’ என்கிறார்கள். போய் என்ன செய்வது?
- ஓவர்லாக் டெய்லர், சேவூர்

பணத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள். கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 13-ஆம் பிரிவு. ரெரா எண் இல்லாத இந்த நோட்டீஸுக்கு அந்தப் 10 சதவீதமும் இப்போது வேண்டாம்.

கையில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த நோட்டீஸ், ஒரு 100 அடி டேப். நான்கு பக்கமும் அளங்கள். 30, 40, 30, 40 என்று வந்தாலும் நிறுத்தாதீர்கள். ஒரு மூலைக் கல்லிலிருந்து எதிர் மூலைக் கல்லுக்குக் குறுக்கே டேப்பைப் பிடியுங்கள். 30-க்கு 40 சைட் சதுரமாக இருந்தால் குறுக்களவு சரியாக 50 அடி வரும். மற்ற குறுக்கும் 50 வர வேண்டும். ஒன்று 45 வந்தால் சைட் சாய்ந்திருக்கிறது. நான்கு பக்கமும் சரியாக இருந்தும் பரப்பு 1,176 சதுர அடியாகக் குறைந்திருக்கும். மூலை வெட்டிய சைட் என்றால் அந்த ஒரு குறுக்கு குறைவது இயல்பு. வெட்டின இடத்தில் இரண்டு கல் நட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

அளந்த எண்களை நோட்டீஸின் வரைபடத்திலேயே 27-ஆம் எண்ணுக்குள் பேனாவால் எழுதுங்கள். யார் கொடுத்தார், எந்தத் தேதியில் என்று பின்பக்கம் குறித்து, வீட்டு வரி ரசீது வைக்கிற கவரில் வையுங்கள். நீங்கள் அனுப்பிய நோட்டீஸை இந்தக் கடிதத்தோடு அதற்காகத்தான் திருப்பி அனுப்புகிறேன், அம்மணி.